பெரியம்மாவின் விசா நேர்காணல்: முகவரின் செய்தி தமிழில்

2026 மே 24, ஞாயிறு
ஹட்டன்

பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும்,

கொழும்பு முகவர் ஆங்கிலத்தில் அனுப்பிய செய்தியை முழுவதும் தமிழில் எழுதியிருக்கிறேன். எழுதத் தொடங்கியதும் திகதிகளில் கை நின்றுவிட்டது. நேர்காணல் 06/08/2026 என்றும், ஆவணங்கள் 07/11/2026க்குள் என்றும் போட்டிருந்தார். முதலாவதை நம் வழக்கப்படி வாசித்தால் ஆகஸ்ட் 6, வியாழன். மாதத்தை முன்னால் எழுதும் அமெரிக்க வழக்கப்படி வாசித்தால் ஜூன் 8, திங்கள். இரண்டும் வேலைநாள், எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. இரண்டாவதை நம் வழக்கப்படி வாசித்தால் நவம்பர் 7. அதற்குள் நேர்காணலே முடிந்துபோயிருக்கும். ஒரே செய்தியில் இரண்டு முறையும் கலந்திருக்கின்றன. ஊகித்து எழுத எனக்கு மனம் வரவில்லை. முகவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். சந்திப்புக் கடிதத்தின் படத்தையும் வாங்கிப் பார்த்தேன். அதில் மாதம் எழுத்தில் இருக்கிறது. கீழே எல்லாத் திகதியும் மாதப் பெயரோடு இருக்கும். நான் சேர்த்தவற்றுக்கு முன்னால் "என் குறிப்பு" என்று போட்டிருக்கிறேன். மற்றவை முகவர் சொன்னவை.

முகவரின் செய்தி

அன்புள்ள அம்மா,

அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கான உங்கள் நேர்காணல் 2026 ஆகஸ்ட் 6ஆம் திகதி, வியாழக்கிழமை, காலை 8.30 மணிக்கு. இடம்: அமெரிக்கத் தூதரகம், இல. 210, காலி வீதி, கொழும்பு 3. காலை 8.00 மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். விண்ணப்பதாரர் மட்டுமே உள்ளே போகலாம்.

ஆவணங்கள் எல்லாவற்றையும் 2026 ஜூலை 11ஆம் திகதி, சனிக்கிழமைக்குள் எங்கள் அலுவலகத்தில் காட்டவும்.

என் குறிப்பு: "11ஆம் திகதிக்குள்" என்றால் 11ஆம் திகதியும் சேருமா என்று கேட்டேன். சேரும், ஆனால் சனிக்கிழமை அலுவலகம் பகல் 1 மணிக்கு மூடிவிடும் என்றார்.

நேர்காணலுக்குக் கட்டாயம் கொண்டுபோக வேண்டியவை நான்கு.

முதலாவது, கடவுச்சீட்டு, மூலப்பிரதி. நீங்கள் அங்கே தங்கி முடிக்கும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். பழைய கடவுச்சீட்டு இருந்தால் அதையும் எடுத்து வரவும்.

என் குறிப்பு: உங்கள் பயணம் 2026 செப்டம்பர் 10 முதல் டிசம்பர் 5 வரை. ஆகவே கடவுச்சீட்டு குறைந்தது 2027 ஜூன் 5 வரை செல்ல வேண்டும். உங்களுடையது 2031 பெப்ரவரி 18 வரை செல்லும். கவலை இல்லை.

இரண்டாவது, இணையத்தில் நிரப்பிய DS-160 விசா விண்ணப்பத்தின் உறுதிப்பத்திரம். பட்டைக் கோடு தெளிவாகத் தெரிய அச்சிட்டிருக்க வேண்டும், மடிக்கக் கூடாது.

மூன்றாவது, நேர்காணல் சந்திப்புக் கடிதம். அதிலுள்ள DS-160 இலக்கமும் உறுதிப்பத்திரத்தின் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நான்காவது, நிறப் புகைப்படம் ஒன்று. 2 அங்குலத்துக்கு 2 அங்குலம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி அணியாமல், கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்தது.

என் குறிப்பு: அதாவது 2026 பெப்ரவரி 6க்குப் பிறகு எடுத்தது. கடவுச்சீட்டுக்கு எடுத்த பழைய படம் ஆகாது. ஸ்டூடியோவில் "அமெரிக்க விசா அளவு" என்று சொல்லுங்கள்; சொல்லாவிட்டால் கடவுச்சீட்டு அளவில் எடுத்துவிடுவார்கள்.

விசாக் கட்டணம் 185 அமெரிக்க டொலர் செலுத்தப்பட்டுவிட்டது. பற்றுச்சீட்டை வைத்திருக்கவும்.

அதிகாரி கேட்டால் காட்டுவதற்கு மட்டும்: வங்கிக் கணக்கு அறிக்கை, 2026 ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை, வங்கியின் முத்திரையோடு, கணவரின் கடைக்கான வியாபாரப் பதிவுச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், மகள் எழுதிய அழைப்புக் கடிதம், மருமகனின் வேலைக் கடிதமும் கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டுகளும். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள சான்றிதழ்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. பெயரில் வேறுபாடு இருந்தால் சத்தியக் கடதாசியும் தேவை.

என் குறிப்பு: வங்கி அறிக்கையை ஜூன் மாதத்திலேயே எடுத்துவிடாதீர்கள், ஜூன் 30 வரையான கணக்கு வராது. ஜூலை 1க்குப் பிறகு, 10க்கு முன் எடுங்கள். நான் செய்யும் மொழிபெயர்ப்பு நீங்கள் வாசித்துப் புரிந்துகொள்ள மட்டும்தான். சான்றிதழ்களுக்கு முத்திரையுள்ளவரிடம்தான் போக வேண்டும். பெயர் விடயம் உங்களுக்கு உண்மையாகவே பொருந்துகிறது. தோட்டத்தில் பதிந்த பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து. நம் மக்களில் எத்தனையோ பேருக்கு இப்படித்தான். உங்கள் தவறு ஒன்றுமில்லை, வெட்கப்பட வேண்டாம். சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி எழுதி வாங்குவதற்கு நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை. கடவுச்சீட்டில் உள்ள எழுத்தே விண்ணப்பத்திலும் இருக்கிறது, அதைச் சரிபார்த்துவிட்டேன்.

கைத்தொலைபேசி, பெரிய பை, மின்கருவி எதையும் தூதரகத்துக்குள் கொண்டுபோக முடியாது. பத்து விரல்களின் ரேகையும் எடுக்கப்படும்.

என் குறிப்பு: இதை நீங்கள் மனதில் வைக்க வேண்டும், பெரியம்மா. ஓய்வு பெற்ற பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகிறீர்கள். விரல் நுனியெல்லாம் கறையும் வெடிப்பும். ஜூலை 27, திங்கட்கிழமை முதல் மலைக்குப் போகாதீர்கள். இரவில் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். முதல் முறை இயந்திரம் பிடிக்காவிட்டாலும் பதற வேண்டாம், திரும்ப வைக்கச் சொல்வார்கள்.

அதிகாரி கேட்கக் கூடியவை: யாரைப் பார்க்கப் போகிறீர்கள்? எத்தனை நாள்? செலவு யாருடையது? இங்கே யார் இருக்கிறார்கள்? ஏன் திரும்பி வருவீர்கள்? சுருக்கமாக விடை சொல்லப் பழகி வரவும். தமிழில் பேச வேண்டும் என்றால் ஆரம்பத்திலேயே சொல்லவும்.

செய்தி இத்துடன் முடிகிறது.

என் குறிப்பு: "பழகி வரவும்" என்பதைப் பாடமாக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேள்வி கொஞ்சம் மாறி வந்தால் பாடம் உதவாது. உள்ளதைச் சொல்லுங்கள்: மகளுக்கு ஒக்டோபரில் பிரசவம், கூட இருக்கப் போகிறேன், டிசம்பர் 5 திரும்புவேன், கணவரும் கடையும் பொகவந்தலாவையில். விண்ணப்பத்திலும் இதே விவரம்தான். கேள்வி புரியாவிட்டால் "திரும்பச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். புரியாமல் "ஆமாம்" என்று தலையாட்டுவதுதான் ஆபத்து.

இங்கிருந்து அன்றே கிளம்பினால் எட்டு மணிக்கு வாசலில் நிற்க முடியாது. ஆகஸ்ட் 5, புதன்கிழமை காலையிலேயே பஸ் ஏறுங்கள்; இரவு வெள்ளவத்தையில் மாமா வீட்டில் தங்கலாம். கைத்தொலைபேசியைப் பெரியப்பா வைத்துக்கொண்டு வெளியே காத்திருக்கட்டும்.

நான் ஜூலை 9, வியாழன் மாலை பாடசாலை விட்டதும் வருகிறேன். காகிதங்களை எல்லாம் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். இந்தக் கடிதத்தை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, சனிக்கிழமை உங்களோடு கொழும்புக்கு நானும் வருவேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை மகள்