"நடுவில் இரண்டு வருடம் என்ன செய்தீர்கள்?"

(முதலியார்பேட்டையில் கணக்கு வேலைக்கான நேர்காணலுக்கு எழுதி வைத்துக்கொண்டது. போன மாதம் வேறொரு இடத்தில் இதே கேள்விக்கு மூன்று முறை 'சாரி' சொல்லிவிட்டு வந்தேன். இந்தத் தடவை அந்த வார்த்தை கிடையாது.)

அப்பாவைப் பார்த்துக்கொண்டேன், மேடம். 2023 அக்டோபரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, கால் இரண்டும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. தம்பிக்கு அப்போதுதான் சென்னையில் வேலை கிடைத்திருந்தது. யார் நிற்பது என்று வீட்டில் பேசினோம், நான் நிற்கிறேன் என்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

முதல் நான்கு மாதம் மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. கஞ்சியை இரண்டு தடவை வடிகட்டி, தலைமாட்டை உயர்த்தி வைத்து, மெதுவாக இறக்க வேண்டும். உள்ளே போன பிறகும் அரை மணி நேரம் படுக்க விடக்கூடாது. எவ்வளவு போனது, பி.பி. எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று எல்லாவற்றையும் நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுதினேன். கணக்குப் பார்த்த கை, சும்மா இருக்குமா? இப்போது அவர் வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார், இடது கையால் தானே சாப்பிடுகிறார்.

(இங்கே நிறுத்திவிட வேண்டும். அவர்கள் கண்கலங்கவும் வேண்டாம், என்னைப் புகழவும் வேண்டாம். வேலையைப் பற்றிக் கேட்கட்டும்.)

"வேலை மறந்திருக்குமே?"

முதல் ஆறு மாதம் டேலியைத் திறக்கவே இல்லை. அப்புறம் மஞ்சக்குப்பத்தில் மாமாவின் ஹார்டுவேர் கடைக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தேன். 2024 அக்டோபரில் ஜிஎஸ்டி போர்ட்டலில் சப்ளையர் போட்ட பில்களை ஏற்கவோ நிராகரிக்கவோ ஐ.எம்.எஸ். வந்ததும் அந்தக் கடைக் கணக்கில்தான் கற்றுக்கொண்டேன். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு 28 சதவீதம் 18 ஆனது. முந்தின நாள் ராத்திரியே உட்கார்ந்து எல்லா ஐட்டத்துக்கும் ரேட் மாற்றினேன். உங்கள் அளவு பெரிய கம்பெனியின் ஆடிட் வேலையில் மட்டும் கை கொஞ்சம் விட்டுப்போயிருக்கும். ஒரு மாதம் கொடுங்கள்.

"மறுபடி விட்டுப் போக மாட்டீர்கள் என்று என்ன நிச்சயம்?"

நாளைக்கு என்ன நடக்கும் என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியாது, சார். ஏற்பாடு என்ன என்பதைச் சொல்கிறேன். தம்பி கடலூருக்கே திரும்பிவிட்டான், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். பகலில் ஒரு அம்மா வந்து அப்பாவைக் கவனித்துக்கொள்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜிப்மரில் காட்ட வேண்டும், அன்றைக்கு மட்டும் எனக்கு அரை நாள் லீவு வேண்டும். முந்தின வாரமே சொல்லிவிடுவேன், ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போடும் 20-ஆம் தேதியை ஒட்டி வராமலும் பார்த்துக்கொள்வேன்.

"இடைவெளி இருப்பதால் சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்து..."

விட்டபோது 32,000 வாங்கினேன். வேலை பார்க்காத இரண்டு வருடத்துக்கு இன்கிரிமென்ட் கேட்கவில்லை. 32,000-க்குக் கீழே என்றால் சரிவராது, சார்.