தனி ஊசலின் நூல் நீளமும் அலைவு காலமும்: வரைபடமும் பிழை ஆய்வும்

படிவம் நான்கு மாணவர்களுக்கான தமிழ்வழி இயற்பியல் வகுப்பு, ஜெலுத்தோங், பினாங்கு. மூவர் குழுவின் செய்முறை அறிக்கை.

நோக்கம்

நூலின் நீளம் கூடும்போது ஊசலின் அலைவு காலம் எவ்விகிதத்தில் கூடுகிறது என்பதை வரைபடத்தின் வழி கண்டறிவதும், அவ்வரைபடத்தின் சாய்விலிருந்து ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுவதும் இச்செய்முறையின் நோக்கங்கள். தற்சார்பு மாறி நூலின் நீளம் l. சார்பு மாறி அலைவு காலம் T. குண்டின் பொருண்மையும் விடுவிக்கும் கோணமும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்.

செய்முறை

கொக்கி பொருத்திய பித்தளைக் குண்டு ஒன்றை மெல்லிய பருத்தி நூலில் கட்டி, நூலின் மறுமுனையை இரு மரத்துண்டுகளுக்கு இடையே இறுக்கி, தாங்கியின் கவ்வியில் பொருத்தினோம். மரத்துண்டுகளின் கீழ் விளிம்பிலிருந்து கொக்கியின் முடிச்சு வரையுள்ள தூரத்தையே l எனக் கொண்டோம். குண்டின் மையம் வரை அளப்பதே வழக்கம் என்றாலும், மையம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் மதிப்பிடுவதைவிட, கண்ணுக்குத் தெரியும் முடிச்சு வரை துல்லியமாக அளந்துவிட்டு எஞ்சிய தூரத்தை வரைபடத்திடமே கேட்பது மேல் என்பது எங்கள் முடிவு.

குண்டை ஏறத்தாழ 5 பாகை விலக்கி, தள்ளாமல் விடுவித்தோம். ஓய்வு நிலைக்கு நேராக ஓர் ஊசியை நட்டு, குண்டு அதைக் கடக்கும் நொடியில் ‘சுழியம்’ என்று எண்ணத் தொடங்கி 20 அலைவுகளுக்கான நேரத்தைப் பதிந்தோம். குண்டு அவ்விடத்தில்தான் மிக வேகமாக நகர்வதால், கடக்கும் தருணத்தைக் கண் சரியாகப் பிடிக்கிறது. ஓரத்தில் அது நின்று திரும்புவதால், திரும்பிய கணம் எதுவென்று சொல்வது கடினம். கூரை மின்விசிறியை நிறுத்திவிட்டதால் அறை புழுங்கியது. ஆனால் விசிறி சுழன்றபோது ஊசல் நீள்வட்டமாகச் சுற்றத் தொடங்கியதை முன்னோட்டத்தில் பார்த்திருந்தோம்.

அளவீடுகள்

| l (செ.மீ.) | 20 அலைவு, முதல் முறை (வினாடி) | 20 அலைவு, இரண்டாம் முறை (வினாடி) | T (வினாடி) | T² (வினாடி²) |
|---|---|---|---|---|
| 20.0 | 18.56 | 18.68 | 0.931 | 0.867 |
| 30.0 | 22.60 | 22.50 | 1.128 | 1.271 |
| 40.0 | 25.78 | 25.90 | 1.292 | 1.669 |
| 50.0 | 28.93 | 28.81 | 1.444 | 2.084 |
| 60.0 | 31.52 | 31.44 | 1.574 | 2.477 |
| 70.0 | 33.88 | 34.00 | 1.697 | 2.880 |
| 80.0 | 36.36 | 36.24 | 1.815 | 3.294 |
| 90.0 | 38.35 | 38.43 | 1.920 | 3.684 |

T² மதிப்புகள், T-ஐ முழுமையாக்கும் முன்னரே கணக்கிடப்பட்டவை. 60 செ.மீ. நீளத்திற்கு முதலில் 29.93 வினாடி என்றொரு அளவீடும் கிடைத்தது. அது மற்ற இரண்டின் சராசரியைவிட 1.55 வினாடி குறைவு. அதாவது ஏறக்குறைய சரியாக ஓர் அலைவு காலம். எனவே எண்ணிக்கை 19-இலேயே நின்றுவிட்டது என்று கொண்டு அதனை நீக்கினோம். காரணம் தெரியாமல் வெறுமனே ‘பொருந்தவில்லை’ என்பதற்காக எந்த அளவீட்டையும் நீக்கவில்லை.

வரைபடம்

முதலில் T-ஐ l-க்கு எதிராக வரைந்தோம். கிடைத்தது நேர்கோடன்று, நீளம் கூடக்கூடச் சாய்வு குறைந்துகொண்டே போகும் வளைகோடு. நீளம் 20-இலிருந்து 80 செ.மீ. ஆக, அதாவது நான்கு மடங்காக ஆனபோது அலைவு காலம் 1.95 மடங்காயிற்று. இரண்டு மடங்கை இவ்வளவு நெருங்குவது வர்க்கமூலத் தொடர்பைச் சுட்டுகிறது. ஆயினும் இரண்டைச் சரியாக எட்டாமல் குறைந்து நிற்பதையும் கவனிக்காமல் விடக்கூடாது.

ஆகவே T²-ஐ l-க்கு எதிராக வரைந்தோம். கிடை அச்சில் 2 செ.மீ.க்கு 10 செ.மீ. நீளமும், நிலை அச்சில் 2 செ.மீ.க்கு 0.5 வினாடி²-உம் என அளவுத்திட்டம் அமைத்து, இரு அச்சுகளையும் சுழியத்திலிருந்தே தொடங்கினோம். எட்டுப் புள்ளிகளும் ஒரு நேர்கோட்டில் அமைந்தன. கோட்டுக்கு மேலே சிலவும் கீழே சிலவுமாக, ஒழுங்கான வளைவு எதுவுமின்றிச் சிதறியுள்ளன. சாய்வைக் கணக்கிட அட்டவணைப் புள்ளிகளை எடுக்காமல், கோட்டின் மீதே தொலைவிலுள்ள இரு இடங்களைத் தேர்ந்தோம்:

```
m = (3.890 − 0.465) / (0.95 − 0.10) = 4.03 s²/m
g = 4π² / m = 39.48 / 4.03 = 9.80 m/s²
```

புள்ளிகளின் ஊடே வரையத்தக்க மிகச் செங்குத்தான கோட்டின் சாய்வு 4.05, மிகச் சரிந்த கோட்டினது 4.01. எனவே சாய்வு 4.03 ± 0.02 என்றும், g = 9.80 ± 0.05 மீ/வினாடி² என்றும் எழுதுகிறோம்.

ஆதிப்புள்ளியைத் தொடாத கோடு

கோடு ஆதிப்புள்ளி வழியே செல்லவில்லை. நிலை அச்சை 0.06 ± 0.01 வினாடி² என்ற இடத்தில் வெட்டுகிறது. நூலின் நீளம் சுழியமானாலும் கொக்கியும் குண்டின் ஆரமும் எஞ்சியிருக்கும் என்பதால் இதை எதிர்பார்த்தோம். முடிச்சிலிருந்து குண்டின் மையம் வரையுள்ள தூரம் d எனில்:

```
T² = (4π²/g)(l + d)
d = 0.06 / 4.03 = 0.015 m
```

அதாவது 1.5 ± 0.3 செ.மீ. வெர்னியர் அளவியால் நேரடியாக அளந்தபோது கொக்கி 0.45 செ.மீ., குண்டின் ஆரம் 0.95 செ.மீ., மொத்தம் 1.40 செ.மீ. இரண்டும் பிழை எல்லைக்குள் ஒத்துப்போகின்றன. ‘நேர்கோடு என்றால் ஆதிப்புள்ளி வழியே போக வேண்டும்’ என்று கோட்டை வலிந்து இழுத்திருந்தால், இத்தகவலும் போயிருக்கும், சாய்வும் கெட்டிருக்கும்.

d-இன் விளைவை மடக்கையிலும் காணலாம். முதல், கடைசி அளவீடுகளைக் கொண்டு T ∝ lⁿ என எடுத்தால் n = 0.481, l-க்குப் பதில் l + 1.40 செ.மீ. என எடுத்தால் n = 0.498. வர்க்கமூலத் தொடர்பு குண்டின் மையம் வரையுள்ள நீளத்துக்கே உரியது. 1.95 மடங்கு என்ற குறைவுக்கும் இதுவே விளக்கம்.

பிழைகள் குறித்து

தற்செயல் பிழையில் பெரும்பங்கு கையின் எதிர்வினை நேரத்துக்கு உரியது. ஒரே நீளத்திற்கான இரு அளவீடுகளின் வேறுபாடு எங்கும் 0.12 வினாடியைத் தாண்டவில்லை. 20 அலைவுகளுக்கு ± 0.1 வினாடி எனக் கொண்டால் T-இல் ± 0.005 வினாடி, T²-இல் இது குறுகிய ஊசலுக்கு ± 0.009, நீண்ட ஊசலுக்கு ± 0.019. எங்கள் வரைபடத்தாளில் ஒரு மில்லிமீட்டர் 0.025-ஐக் குறிப்பதால், பிழைக்கோடுகள் புள்ளிக்குறியைவிடப் பெரிதாகத் தெரியவில்லை. மீட்டர்க்கோலின் ± 0.1 செ.மீ. பிழை 20 செ.மீ. நீளத்தில் அரை விழுக்காடு, 90-இல் 0.1 விழுக்காடு; இடமாறு தோற்றப்பிழையைத் தவிர்க்கக் கண்ணைக் குறியின் மட்டத்திலேயே வைத்தோம்.

கோணத்தால் வரும் பிழை முறைப்பிழை. அது எப்போதும் T-ஐக் கூட்டவே செய்யும். 5 பாகைக்கு அது 0.05 விழுக்காடுதான், 30 பாகையில் ஏறத்தாழ 1.7 விழுக்காடு ஆகிவிடும்.

பாடநூல் மதிப்பு 9.81, ஆனால் 5.4 பாகை வட அட்சத்திலுள்ள பினாங்கில் g 9.78 மட்டுமே. 1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே, ஏறத்தாழ இதே அட்சத்திலுள்ள தென் அமெரிக்க ஊரான காயேனுக்குக் கொண்டுபோன ஊசல் கடிகாரம், பாரிசில் சரியாக ஓடியிருந்தும் காயேனில் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது, g இவ்வாறு அட்சத்துக்கு அட்சம் வேறுபடுவதனால்தான். எங்கள் 9.80 ± 0.05 இரு மதிப்புகளையும் உள்ளடக்குவதால், எது சரி என்று இச்செய்முறையால் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஒரு மதிப்பை மட்டும் எடுத்து ‘பிழை 0.1 விழுக்காடு’ என்று பெருமையாக எழுதுவது பொருளற்றது.

9.81-க்கும் 9.78-க்கும் உள்ள வேறுபாடு 0.3 விழுக்காடு. 90 செ.மீ. ஊசலில் 100 அலைவுகளை எண்ணினால் ஏறத்தாழ 192 வினாடி ஆகும். அப்போது ± 0.1 வினாடி என்பது T²-இல் 0.1 விழுக்காடாகச் சுருங்கும். நீளத்தையும் அரை மில்லிமீட்டருக்குள் அளந்தால் இரு மதிப்புகளையும் பிரித்தறிய இயலும். அலைவுகளை ஒருவரும் கடிகாரத்தை இன்னொருவரும் கவனித்துக்கொண்டு, பத்துப் பத்தாகத் தாளில் குறித்து எண்ணுவது அதற்குத் தேவைப்படும்.