நம்ம பி.டி.ஏ. தலைவர் அக்காவுக்கு

அக்கா வணக்கம். நேத்து மீட்டிங்ல மைக் கைக்கு வந்ததும் எனக்கு தொண்டை அடைச்சுக்கிச்சு, ரெண்டு வார்த்தையோட உக்காந்துட்டேன், அதான் சொல்ல நெனச்சதெல்லாம் இப்போ டைப் பண்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

போன ஜூன்ல நீங்க தலைவரா வந்தப்போ கேர்ள்ஸ் டாய்லெட்ல மூணு குழாய்ல ஒண்ணுல கூட தண்ணி வரல. மறுநாள் காலைல ஏழு மணிக்கே பிளம்பர கூட்டிட்டு வந்து நின்னீங்க. செலவான 2,350 ரூபாய்க்கும் பில்லு வச்சு அடுத்த மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் வாசிச்சீங்க, அன்னிக்கு அப்புறம்தான் மத்த அம்மாக்களும் தானா முன்ன வர ஆரம்பிச்சாங்கன்னு நான் நெனைக்கிறேன்.

டிசம்பர் மழை உங்களுக்கே ஞாபகம் இருக்கும். வியாசர்பாடில எங்க பாத்தாலும் முழங்கால் தண்ணி, கணேசபுரம் சப்வே மூடிட்டாங்க, டீச்சருங்க பாதி பேர் வந்து சேர முடியல. உங்க வீட்டுக்குள்ளயே தண்ணி வந்திருந்துச்சு, அத விட்டுட்டு நாலு அம்மாக்களோட ஸ்கூலுக்கு வந்து லைப்ரரி புக்ஸ எல்லாம் மாடிக்கு ஏத்தினீங்களே அக்கா, அத எப்படி மறப்போம்.

டென்த் பசங்களுக்கு சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ்ல தினம் சுண்டல், யார் வீட்டு முறைன்னு நீங்க போட்ட லிஸ்ட் இன்னும் ஸ்டாஃப் ரூம் பீரோல ஒட்டிதான் இருக்கு. கிழிக்க மனசு வரல.

ஆனா எனக்கு பெருசு அந்த பையன் விஷயம்தான். பேர் வேணாம், உங்களுக்கு தெரியும். ஜனவரில பொங்கல் லீவு முடிஞ்சு அவன் வரவே இல்ல, மெக்கானிக் கடைல சேத்து விட்டுட்டாங்க. நான் போனப்போ அவங்க அம்மா கதவுகிட்டயே நிக்க வச்சு பேசி அனுப்பிட்டாங்க. நீங்க மூணு தடவ போனீங்க, மூணாவது தடவ உள்ள உக்காந்து டீ குடிச்சிட்டு, வீட்டு வாடகை பாக்கிதான் உண்மையான காரணம்னு கண்டுபிடிச்சு, ஹவுஸ் ஓனர்கிட்ட நீங்களே போய் ரெண்டு மாசம் டைம் வாங்கிட்டு வந்தீங்க. டீச்சரா எனக்கு அது தோணவே இல்ல அக்கா, மார்க், அட்டெண்டன்ஸுன்னுதான் பேசிட்டு வந்தேன். அஞ்சு பரீட்சையும் எழுதி பாஸ் ஆயிட்டான், ரிசல்ட் வந்ததும் அவன் முதல்ல ஓடினது உங்க தையல் மிஷின் முன்னாடிதானாமே, சொன்னான்.

ஹெட்மிஸ்ட்ரஸ்ல இருந்து ஆயாம்மா வரைக்கும் எல்லார் சார்பாவும் ரொம்ப ரொம்ப நன்றி அக்கா. ராத்திரில தைச்சு காலைல எங்களோட நின்னீங்க, அதுக்கு விட்டுக்கொடுத்த உங்க வீட்டுக்காரருக்கும் நன்றி சொல்லிடுங்க.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்டாஃப் ரூம்ல நாங்களே சமைச்சு கொண்டு வர்றோம், வத்தக்குழம்பு என்னோடது. பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க, கைல எதுவும் எடுத்துட்டு வராதீங்க, அன்னிக்கு நாங்கதான் பரிமாறுவோம்.