யாரு எவ்வளவு ரூபாய் வரைக்கும் அப்ரூவ் பண்ணலாம்: செலவு அப்ரூவல் லிமிட், 2025 ஜூலை 1 முதல்

அனுப்புறது: அக்கவுண்ட்ஸ் மேனேஜர், திருப்பூர் யூனிட்
யாருக்கு: எல்லா டிபார்ட்மென்ட் ஹெட், மெர்ச்சன்டைசர்ஸ், ஸ்டோர்ஸ், மெயின்டனன்ஸ், ஹெச்.ஆர்., நைட் ஷிப்ட் இன்சார்ஜ்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. போன வாரம் நடந்த போர்டு மீட்டிங்ல இந்த லிமிட் எல்லாம் பாஸ் ஆயிடுச்சு, ஜூலை 1-ல இருந்து இதுதான் நடைமுறை, பழைய 2019 சர்க்குலர் இனி செல்லாது. கொஞ்சம் நீளம்தான், ஆனா முழுசா படிச்சிடுங்க, ஏன்னா ஜூலை 1-க்கு அப்புறம் "சார் போன்ல ஓகே சொல்லிட்டாரு"ன்னு பில்லைக் கொண்டு வந்தா அக்கவுண்ட்ஸ்ல யாரும் வாங்க மாட்டாங்க. காசு போறதுக்கு முன்னாடி அப்ரூவல், அதுவும் எழுத்துல. இதுல என்கிட்ட வந்து பேசி பிரயோஜனம் இல்ல.

முதல்ல சாதாரண செலவு. ஸ்பேர்ஸ், ஊசி, பேக்கிங் சாமான், ரிப்பேர், ஸ்டேஷனரி, கேன்டீன், வண்டி வாடகை மாதிரி பட்ஜெட்ல ஏற்கனவே இருக்கறது:

| யாரு | ஒரு செலவுக்கு எவ்வளவு வரைக்கும் | என்ன பேப்பர் வேணும் |
|---|---|---|
| ஸ்டோர்ஸ் இன்சார்ஜ், லைன் சூப்பர்வைசர் | ₹2,000 | பெட்டி கேஷ் வவுச்சர், பில் |
| டிபார்ட்மென்ட் ஹெட் | ₹15,000 | இன்டென்ட், ஒரு கொட்டேஷன் |
| ஃபேக்டரி மேனேஜர் | ₹75,000 | இன்டென்ட், 2 கொட்டேஷன், பி.ஓ. |
| ஜி.எம். | ₹3,00,000 | 3 கொட்டேஷன், ஒப்பீட்டு ஷீட், பி.ஓ. |
| டைரக்டர் | ₹10,00,000 | மேல சொன்னது எல்லாம், அக்கவுண்ட்ஸ் கருத்து |
| எம்.டி. | ₹50,00,000 | மேல சொன்னது எல்லாம் |
| போர்டு | அதுக்கு மேல | தீர்மானம் |

இந்த தொகை எல்லாம் ஜி.எஸ்.டி. சேர்த்துதான், பில்லோட கடைசி வரியில என்ன நம்பர் இருக்கோ அதுதான் கணக்கு. டிபார்ட்மென்ட் ஹெட் ஒருத்தர் 14,200-க்கு சாமான் கேட்டா தன் லிமிட்டுக்குள்ளதான்னு நினைப்பாரு, 18% சேர்த்தா 16,756 ஆகுது, அப்ப அது ஃபேக்டரி மேனேஜர் கையெழுத்துக்குப் போகணும். கான்ட்ராக்டா இருந்தா மாசத் தொகையைப் பாக்கக் கூடாது, முழு காலத்துக்கும் சேர்த்துப் பாக்கணும். செக்யூரிட்டி ஏஜென்சிக்கு மாசம் 60,000-ன்னா ஃபேக்டரி மேனேஜர் போதும்னு தோணும், வருஷத்துக்கு 7,20,000, அது டைரக்டர் லெவல்.

பில்லை உடைக்கறது பத்தி தனியா சொல்லியே ஆகணும். ஒரே சப்ளையர், ஒரே தேவை, 30 நாளுக்குள்ள எத்தனை பில் வந்தாலும் ஒண்ணாக் கூட்டித்தான் லிமிட் பாப்போம். காலையில 14,500 சாயங்காலம் 14,500-ன்னு அதே கடையில இருந்து ரெண்டு பில் வந்தா யாருக்கும் புரியாம இல்லீங்க. அப்படி வந்தா ரெண்டையும் நிறுத்தி வெச்சுட்டு ஜி.எம்.க்கு நேரா அனுப்பிடுவேன். சொல்லாம செஞ்சேன்னு நினைக்கக் கூடாதுன்னுதான் இப்பவே எழுதறேன்.

இனி நூல், துணி, டையிங், பிரிண்டிங், ஜாப் ஒர்க். இதுக்கு மேல இருக்கற டேபிள் ஓடாது, ஓடவும் முடியாது, ஒரு ஆர்டருக்கு நூலே பல லட்சம் ஆகும்போது ஒவ்வொண்ணுக்கும் எம்.டி.கிட்ட போய் நின்னா ஷிப்மென்ட் எப்ப போறது. அதனால ஆர்டரோட காஸ்டிங் ஷீட்தான் அப்ரூவல். காஸ்டிங் ஷீட்ல எம்.டி. கையெழுத்து இருந்தா, அதுல இருக்கற ரேட்டுக்கும் கிலோவுக்கும் உள்ள ஜி.எம். 25 லட்சம் வரைக்கும் பி.ஓ. போடலாம், மெர்ச்சன்டைசிங் ஹெட் 5 லட்சம் வரைக்கும். ரேட் 2%-க்கு மேல ஏறினாலோ, கிலோ 3%-க்கு மேல கூடினாலோ காஸ்டிங்கை ரிவைஸ் பண்ணி மறுபடியும் எம்.டி. கையெழுத்து வாங்கணும். நூல் ரேட் மாசா மாசம் மாறுது, அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, ஆனா "ரேட் ஏறிடுச்சு"ன்னு ஷிப்மென்ட் போனதுக்கு அப்புறம் சொல்றதுல அர்த்தம் இல்ல, அந்த ஆர்டர்ல லாபம் போச்சுன்னு அப்பத்தான் தெரியுது.

சில செலவுக்கு தொகையே முக்கியம் இல்ல, ஆள்தான் முக்கியம். ஏர் ஃபிரைட் எவ்வளவு சின்னதா இருந்தாலும் டைரக்டர் இல்லேன்னா எம்.டி. மட்டும்தான். கடல்ல போக வேண்டிய சரக்கு லேட் ஆகி ஃபிளைட்ல போனா அந்த ஸ்டைலோட மொத்த மார்ஜினும் அதுலயே கரைஞ்சிடும், அதனால ரெக்வெஸ்ட்ல எத்தனை பீஸ், கிலோ என்ன, கடல் வழி செலவு எவ்வளவு, ஏர் எவ்வளவு, லேட் ஆனது டையிங்லயா, ஸ்டிச்சிங்லயா, பையர் அப்ரூவல் லேட்டானதாலயான்னு காரணத்தோட இருக்கணும். பையரால லேட்டுன்னா அவங்க மெயிலையும் சேர்த்து வைங்க, செலவை அவங்ககிட்ட கேக்கறதுக்கு அது ஒண்ணுதான் ஆதாரம். அதே மாதிரி பையர் அனுப்புற டெபிட் நோட்டை ஏத்துக்கறதும் செலவுதான், 1 லட்சம் வரைக்கும் ஜி.எம்., அதுக்கு மேல எம்.டி. மெர்ச்சன்டைசர் யாரும் மெயில்ல "நோட்டட், வில் அட்ஜஸ்ட்"னு பதில் போடாதீங்க, அது ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.

புது மெஷின், கம்ப்யூட்டர், வண்டி, கட்டட வேலை: 1 லட்சம் வரைக்கும் ஜி.எம்., 5 லட்சம் வரைக்கும் டைரக்டர், 25 லட்சம் வரைக்கும் எம்.டி., அதுக்கு மேல போர்டு. பட்ஜெட்ல இல்லாத எந்த செலவா இருந்தாலும் டேபிள்ல இருக்கற ஆளுக்கு ஒரு படி மேல போகணும். கோயில், ஸ்கூல், சங்கம்னு வர்ற நன்கொடை எல்லாமே எம்.டி. மட்டும். பேங்க் லோன், கேரண்டி, கம்பெனிக் காசை வேற எங்கயாவது முதலீடு பண்றது, இதெல்லாம் கம்பெனிகள் சட்டம் 2013 பிரிவு 179 படி போர்டு மீட்டிங்ல முடிவு எடுக்க வேண்டிய சமாச்சாரம், நம்ம போர்டு அந்த அதிகாரத்தை யாருக்கும் பிரிச்சுக் குடுக்கல, எம்.டி.க்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

சொந்தக்காரங்க விஷயம். திருப்பூர்ல யாருக்குத்தான் நிட்டிங் யூனிட் வெச்சிருக்கற மச்சானோ பங்காளியோ இல்ல. அங்க வேலை குடுக்கறது தப்பு இல்ல, ஆனா அந்த பி.ஓ.ல நீங்க கையெழுத்துப் போடக் கூடாது, எழுத்துல சொல்லிட்டு ஒதுங்கிக்கணும், மேல இருக்கறவர் போடுவாரு. டைரக்டரோட உறவுக்காரங்க யூனிட்டா இருந்தா தொகை எதுவா இருந்தாலும் இன்னொரு டைரக்டர் கையெழுத்து, வெளியில இருந்து ரெண்டு ரேட், அதோட எனக்கு ஒரு காப்பி. ஆடிட்டர் கேக்கற முதல் ஃபைலே அதுதான்.

தன் செலவுக்கு தானே அப்ரூவ் பண்ணிக்க முடியாது. டூர், ஹோட்டல், போன் பில் எதுவா இருந்தாலும் மேல இருக்கறவர்தான் போடணும், எம்.டி.யோட செலவுக்கு டைரக்டர் போடுவாரு. அவரே கேட்டு சேர்க்கச் சொன்னதுங்க இது.

லீவ்ல போறவங்க போறதுக்கு முன்னாடி மெயில் போட்டுட்டுப் போங்க, எந்த தேதியில இருந்து எந்த தேதி வரைக்கும், யாருக்கு, எவ்வளவு லிமிட்னு. ஒரு படி கீழ இருக்கறவங்களுக்கு மட்டும்தான் குடுக்கலாம், அவங்க அதை இன்னொருத்தருக்குக் குடுக்க முடியாது, அக்கவுண்ட்ஸ்காரங்களுக்கும் குடுக்கக் கூடாது, காசு அனுப்பறவனே அப்ரூவும் பண்ணினா அப்புறம் இந்த பேப்பர் எல்லாம் எதுக்கு. மெயில் இல்லேன்னா அந்த அப்ரூவல் தானா மேல இருக்கறவருக்குப் போயிடும்.

எப்படி எழுதி வைக்கணும்னா, இன்டென்ட், கொட்டேஷன், அப்ரூவல் மெயில், பி.ஓ., ஸ்டோர்ஸ் இன்வேர்ட் சீட்டு, பில், இந்த வரிசையிலதான் தேதி இருக்கணும். பில் தேதி 8, பி.ஓ. தேதி 11-ன்னு இருந்தா அது பின்னாடி போட்டதுன்னு சின்னப் பையனுக்குக் கூடத் தெரியும். குறைஞ்ச கொட்டேஷனை விட்டுட்டு வேற ஆளுக்குக் குடுத்தா தப்பில்ல, ஏன்னு ஒரு வரி எழுதுங்க. மெயில் இந்த மாதிரி இருந்தா போதும்:

```
சப்ஜெக்ட்: அப்ரூவல் / கம்ப்ரசர் ரிப்பேர் / ₹61,360
என்ன: ஸ்டிச்சிங் ஹால் ஏர் கம்ப்ரசர், மோட்டார் ரீவைண்டிங், வால்வு மாத்தணும்
தொகை: 52,000 + ஜி.எஸ்.டி. 9,360 = 61,360
கொட்டேஷன்: 2 (61,360 / 68,440)
பட்ஜெட்: மெயின்டனன்ஸ், ஜூலை, மீதி 1,40,000
கேக்கறது: மெயின்டனன்ஸ் ஹெட்
அப்ரூவ் பண்ண வேண்டியது: ஃபேக்டரி மேனேஜர்
```

பதில்ல "அப்ரூவ்ட் ₹61,360"-ன்னு தொகையோட வரணும். வெறும் "ஓகே", கட்டை விரல், வாய்ஸ் நோட், இதெல்லாம் அப்ரூவல் இல்ல. பில் பி.ஓ.வை விட 5% இல்லேன்னா ₹5,000, இதுல எது கம்மியோ அதுக்கு மேல கூடினா புதுசா அப்ரூவல் வாங்கணும்.

அவசரம்னு வந்தா வேற கணக்கு. பாய்லர், ஜெனரேட்டர், தீ, தண்ணி லைன் உடையறது மாதிரி, நிறுத்தினா ஃபேக்டரியே நிக்கும்னு இருந்தா நைட் ஷிப்ட் இன்சார்ஜ் ₹25,000, ஃபேக்டரி மேனேஜர் ₹2,00,000 வரைக்கும் உடனே செலவு பண்ணலாம், வாட்ஸ்அப்ல மேல இருக்கறவருக்கு யாருக்கு எவ்வளவுன்னு எழுதிட்டு. அடுத்த வேலை நாள் சாயங்காலத்துக்குள்ள மெயில் வந்துடணும், அந்த ஸ்க்ரீன்ஷாட்டையும் சேர்த்து. தொழிலாளிக்கு அடிபட்டா லிமிட்டே கிடையாது, இ.எஸ்.ஐ. கார்டு எங்கேன்னு தேடிக்கிட்டு நிக்காம பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, பேப்பரை நாங்க பாத்துக்கறோம். நாளைக்கு ஷிப்மென்ட், அட்டைப்பெட்டி ஆர்டர் போட மறந்துட்டோம்ங்கறது அவசரம் இல்லீங்க, அது பிளானிங்.

கேஷ் பத்தி: வருமான வரி சட்டப்படி ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல ₹10,000-க்கு மேல கேஷா குடுத்தா அந்த செலவையே கணக்குல ஏத்துக்க மாட்டாங்க, லாரி வாடகைக்கு மட்டும் ₹35,000. அதனால அப்ரூவல் லிமிட் எவ்வளவு இருந்தாலும் கேஷ் இதைத் தாண்டாது.

பில்லை டேபிள்ல தூங்க விடாதீங்க. சப்ளையர் உத்யம் பதிவு உள்ள மைக்ரோ, ஸ்மால் யூனிட்டா இருந்தா எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள், இல்லேன்னா 15 நாள், அதுக்குள்ள காசு போகணும், சரக்கை ஏத்துக்கிட்ட நாள்ல இருந்து. தாண்டினா ரிசர்வ் பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி, அதோட காசு குடுக்கற வருஷம் வரைக்கும் வரியில அந்த செலவைக் கழிக்கவும் முடியாது. நம்ம டையிங், பிரிண்டிங், எம்பிராய்டரி ஆளுங்க நிறையப் பேரு இதுல வருவாங்க. அதனால அப்ரூவலுக்கு 3 வேலை நாள்தான், அதுக்குள்ள ஆமாவோ இல்லையோ சொல்லலேன்னா மேல இருக்கறவருக்கு அனுப்பிடுவோம்.

பேங்க்ல எப்பவும் ஒருத்தர் என்ட்ரி, இன்னொருத்தர் ரிலீஸ். 3 லட்சம் வரைக்கும் நான் ரிலீஸ் பண்ணுவேன், அதுக்கு மேல நானும் டைரக்டரும் சேர்ந்து. அப்ரூவல் மெயில் பி.டி.எஃப். ஆகி டேலி வவுச்சரோட போகும், எடிட் லாக் ஓடிக்கிட்டே இருக்கு, பின்னாடி மாத்தினா யாரு எப்ப மாத்தினாங்கன்னு அதுல இருக்கும், அதை ஆஃப் பண்ணச் சொல்லி யாரும் கேக்காதீங்க. பேப்பர் எல்லாம் 8 வருஷம் வெச்சிருப்போம்.

லிமிட்டை மீறி பண்ணிட்டா மறைக்காம ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, அந்த லிமிட் உள்ளவர் பாத்து ஏத்துக்கலாம், ஏத்துக்காமலும் போகலாம். மீறினது எல்லாம் ஒரு ரிஜிஸ்டர்ல ஏறும், காலாண்டுக்கு ஒரு தடவை போர்டு பாக்கும்.

கையெழுத்துப் போடற அதிகாரம் உள்ளவங்க எல்லாரும் ஜூன் 28 சனிக்கிழமை சம்பளம் போட்டு முடிச்சதுக்கு அப்புறம் அக்கவுண்ட்ஸ் ரூமுக்கு வந்து மாதிரி கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, மாதிரி இல்லாதவங்க கையெழுத்தை 1-ம் தேதி கேஷியர் ஏத்துக்க மாட்டாரு.