போனுக்குப் பதில் மெயிலில் தொடர்புகொள்ள வேண்டுகிறேன் – டயாலிசிஸ் டெக்னீசியன் வேலை, கோயம்புத்தூர்

வணக்கம் மேடம்,

நான் திருநெல்வேலியிலிருந்து முத்துலட்சுமி. கோயம்புத்தூரில் நீங்கள் ஆள் எடுக்கும் டயாலிசிஸ் டெக்னீசியன் வேலை பற்றி செப்டம்பர் 29, திங்கள்கிழமை சாயங்காலம் என்னோடு நான்கைந்து நிமிடம் பேசினீர்கள். அதற்கப்புறம் நீங்கள் கூப்பிட்ட ஒரு தடவைகூட என்னால் போனை எடுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை 11.20, இந்தத் திங்கள்கிழமை இரண்டு முறை, இன்று மதியம் 12.10. டியூட்டி முடிந்து நான் திருப்பிக் கூப்பிட்ட மூன்று தடவையும் உங்கள் லைன் பிஸியாக இருந்தது. இப்படியே போனால் எனக்கு விருப்பமில்லை என்று நினைத்து என் பெயரை எடுத்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

இந்த வேலை எனக்கு வேண்டும் மேடம். ஆனால் வேலை நேரத்தில் போனில் பேச எனக்கு வழியே இல்லை. அதனால் இனிமேல் எதுவானாலும் இந்த மெயிலுக்கு எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் அனுப்பும் எதற்கும் அன்று இரவுக்குள் பதில் போட்டுவிடுவேன். நாம் பேசியது தமிழில் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதினாலும் எனக்குச் சிரமமில்லை.

ஏன் முடியவில்லை என்று சொல்லிவிடுகிறேன். என் டியூட்டி காலை 6 மணி முதல் பகல் 3 மணி வரை. உள்ளே நுழைந்ததும் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அது யூனிட்டின் விதி, சரியான விதியும்கூட. ஒரே நேரத்தில் நான்கு பேஷண்டுகளை நான் பார்க்கிறேன். ஒருவருக்கு டயாலிசிஸ் நான்கு மணி நேரம் ஓடும். அந்த நேரம் முழுக்க அவருடைய ரத்தம் உடம்புக்கு வெளியே மெஷின் வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அரை மணிக்கு ஒரு தடவை பிரஷர் பார்த்துக் குறிக்க வேண்டும். மூன்றாவது மணி நேரத்துக்குமேல் சிலருக்குப் பிரஷர் சட்டென்று இறங்கும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். கண் சொருகுவதற்குமுன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட வேண்டும். மெஷின் அலாரம் அடித்த பிறகு ஓடுவது தாமதம்.

நீங்கள் வெள்ளிக்கிழமை கூப்பிட்ட அந்த 11.20 மணிக்கு நான் இரண்டாவது ஷிப்ட் பேஷண்டுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். அதில் ஒரு அம்மாவுக்கு வயது 67. கையில் ஃபிஸ்டுலா ஆழமாக இருக்கும், விரலால் தொட்டு அந்த அதிர்வைப் பிடித்துத்தான் ஊசி இறக்க முடியும். தவறினால் கை வீங்கிவிடும், அன்றைய டயாலிசிஸே நின்றுபோகலாம். அந்த மாதிரி நேரத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து பேசச் சொன்னாலும் எனக்கு மனம் வராது. போனைத் தொட்ட கையோடு திரும்பப் போய் ஊசியைத் தொடவும் முடியாது. எங்கள் யூனிட்டில் ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி மெஷின், தனி ஆள் என்று வைத்து அவ்வளவு கவனமாக இருக்கிறோம்.

சாப்பாட்டு நேரத்தில் பேசலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அந்த இருபது நிமிடமும் ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் அவருடைய பேஷண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் இருபது நிமிடம். ஸ்டாஃப் ரூம் சின்னது, எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். நான் வேறு வேலை தேடுவது கூட வேலை செய்கிறவர்கள் யாருக்கும் இன்னும் தெரியாது. 3 மணிக்குமேல் டவுன் பஸ்ஸில் வரும்போதும் கூட வேலை செய்கிறவர்கள் பக்கத்து சீட்டிலேயே இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம், இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை எங்கள் யூனிட் லேண்ட்லைனுக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. என் பெயரைச் சொல்லி, 'இன்டர்வியூ விஷயம்' என்று கேட்டிருக்கிறார்கள். எடுத்தது இன்சார்ஜ் சிஸ்டர். உங்கள் அலுவலகத்திலிருந்துதான் யாராவது கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். என் செல் கிடைக்காததால் உதவி செய்வதாக நினைத்துத்தான் செய்திருப்பார்கள், புரிகிறது. ஆனால் அன்று முழுக்க எனக்குக் கை கால் ஓடவில்லை. சிஸ்டர் நல்லவர், யாரிடமும் சொல்லவில்லை. "எதுவாக இருந்தாலும் முடிவானதும் முதலில் என்கிட்ட சொல்லு" என்று மட்டும் சொன்னார். அவரிடம் பொய் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, முழு உண்மையைச் சொல்லும் நிலைமையிலும் நான் இல்லை. தயவுசெய்து அந்த எண்ணை என் விவரங்களிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். ஆஃபர் கையில் வரும்வரை இங்கே யாரிடமும் என்னைப் பற்றி விசாரிக்கவும் வேண்டாம். விசாரிக்க வேண்டுமென்றால் நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இருந்த சீனியர் டெக்னீசியனிடம் கேட்கலாம். அவரிடம் அனுமதி கேட்டுவிட்டு எண்ணை அனுப்புகிறேன்.

போனில் நீங்கள் கேட்க நினைத்திருப்பதை இங்கேயே எழுதிவிட்டால் உங்களுக்கும் வேலை குறையும். நான் டயாலிசிஸ் டெக்னாலஜியில் டிப்ளமோ முடித்தவள். 2019 முதல் இந்த வேலையில் இருக்கிறேன், இப்போதுள்ள ஆஸ்பத்திரியில் 2021 ஜூன் முதல். ஃப்ரெசீனியஸ் 4008எஸ் மெஷினில்தான் அதிகப் பழக்கம். ஃபிஸ்டுலாவும் கதீட்டரும் இரண்டுமே செய்வேன், ஐ.சி.யு.வில் படுக்கை அருகே டயாலிசிஸ் செய்த அனுபவமும் உண்டு. முதல் ஷிப்ட் தொடங்கும்முன் ஆர்.ஓ. தண்ணீரில் குளோரின் பார்த்துக் கையெழுத்துப் போடுவது ஒன்றரை வருடமாக என் பொறுப்பு. குழந்தைகளுக்கு டயாலிசிஸ் செய்த அனுபவம் எனக்கு இல்லை. உங்கள் யூனிட்டில் அது தேவையென்றால் கற்றுக்கொள்ளத் தயார், ஆனால் தெரியும் என்று சொல்லிவிட்டு வர மாட்டேன்.

வேலை மாறக் காரணம் குடும்பம்தான். என் கணவர் இரண்டு வருடமாகக் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறார். நானும் நான்கு வயது மகளும் அம்மாவும் இங்கே இருக்கிறோம். அவர் வந்து போவது மாதத்துக்கு ஒருமுறைதான். இங்கே எனக்கு எந்தக் குறையும் இல்லை.

சம்பளம் பற்றி ஒரு சந்தேகம். அன்று போனில் "இருபத்தாறு" என்று சொன்னது காதில் விழுந்தது. அது சி.டி.சி.யா, கிராஸா, கைக்கு வருவதா என்று எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. இப்போது என் கிராஸ் 19,500, பி.எஃப்.பும் ஈ.எஸ்.ஐ.யும் போகக் கைக்கு 17,793 வருகிறது. 26,000 கிராஸ் என்றால் எனக்குச் சம்மதம். சி.டி.சி. என்றால் நிர்வாகம் கட்டும் பி.எஃப். அதற்குள்ளேயே வந்துவிடும், அப்போது கணக்கு வேறு. சம்பளத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று ஒரு தாளில் அனுப்பினால் கணவரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு மறுநாளே பதில் சொல்லிவிடுவேன். இதைப் போனில் கேட்டு ஞாபகத்தில் வைத்துக்கொள்ள என்னால் ஆகாது.

இதைவிட எனக்குப் பெரியது மருத்துவக் காப்பீடு. அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. என் ஈ.எஸ்.ஐ. கார்டில்தான் மாத்திரை வாங்குகிறோம். கோயம்புத்தூர் வந்தால் சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஈ.எஸ்.ஐ.க்குச் சம்பள வரம்பு மாதம் 21,000. அதைத் தாண்டிய சம்பளத்தில் சேர்ந்தால் கார்டு போய்விடும். சம்பளம் கூடுவது சந்தோஷம்தான், ஆனால் அம்மாவின் மருந்துச் செலவு அப்படியே என் தலையில் வந்து நிற்கும். நீங்கள் ஆள் எடுக்கும் ஆஸ்பத்திரியில் ஊழியர்களுக்குக் குரூப் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா, பெற்றோரையும் சேர்க்க முடியுமா, ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்று கேட்டுச் சொல்லுங்கள். இதற்குத் தெளிவான பதில் கிடைத்தால்தான் நான் முடிவெடுக்க முடியும். ஷிப்ட் நேரமும் இரவு ஆன்-கால் மாதத்துக்கு எத்தனை என்பதும் தெரிந்தால் மகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துகொள்வேன்.

எனக்கு நோட்டீஸ் 30 நாள். ஆஃபர் லெட்டர் எழுத்தில் வந்த பிறகுதான் ராஜினாமா கொடுப்பேன். இந்த மாதக் கடைசிக்குள் வந்துவிட்டால் டிசம்பர் 1, திங்கள்கிழமை சேர முடியும்.

இன்டர்வியூவுக்குப் பேசித்தான் ஆக வேண்டும், அது எனக்குத் தெரியும். நேரம் குறித்து முந்தின நாளே மெயில் போட்டுவிட்டால் கண்டிப்பாக இருப்பேன். வார நாட்களில் மாலை 5 மணிக்குமேல் வீட்டிலிருந்து பேசலாம், வீடியோ கால் என்றாலும் சரி. வரும் ஞாயிறு 12ஆம் தேதி முழு நாளும் ஃப்ரீ. அடுத்த ஞாயிறு 19 மட்டும் முடியாது. மறுநாள் தீபாவளி என்பதால் திங்கள்கிழமை பேஷண்டுகளுக்கு ஞாயிறே டயாலிசிஸ் வைத்திருக்கிறோம். நேரில் வரச் சொன்னால் மூன்று நாள் முன்னால் தெரிந்தால் போதும், டியூட்டியை மாற்றிக்கொண்டு ராத்திரி ரயிலில் கிளம்பி காலையில் கோயம்புத்தூர் வந்துவிடுவேன்.

அவசரம் என்றால் வாட்ஸ்அப்பில் "மெயில் பார்க்கவும்" என்று ஒரு வரி போடுங்கள். 3 மணிக்கு லாக்கரைத் திறந்ததும் பார்த்துவிடுவேன். வேலை விவரம் எதையும் வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம். வீட்டில் மகளும் அந்தப் போனை எடுப்பாள், எதையாவது அழுத்தி அழித்துவிடுவாள்.

ரெஸ்யூமே, டிப்ளமோ சான்றிதழ், முந்தைய இடத்தின் அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு எல்லாம் இதோடு இணைத்திருக்கிறேன். ஏதாவது விட்டிருந்தால் சொல்லுங்கள், நாளை இரவே அனுப்புகிறேன்.

நீங்கள் விடாமல் இத்தனை தடவை கூப்பிட்டதற்கு நன்றி மேடம். இந்த மெயில் கிடைத்தது என்று மட்டும் ஒரு வரி பதில் போட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

இப்படிக்கு,
முத்துலட்சுமி
திருநெல்வேலி
08.10.2025