மணமகள் தேவை: என் தம்பிக்கு, மறைக்க ஒன்றுமில்லை

திருநெல்வேலி டவுண், மேல ரத வீதிக்குப் பின்னால் வளவு வீடு சொந்தம், அதில் இரண்டு வாடகைக் குடித்தனம். வயது 34, பி.காம். (நாலு பேப்பர் பாக்கி), மாநிறம், உயரம் 5 அடி 8 அங்குலம், காலேஜில் சேரும்போது நிற்க வைத்து அளந்தது. உத்தியோகம் வாடகை வாங்குவது. குடித்தனக்காரர்களே ஒன்றாம் தேதி கொண்டுவந்து தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள், நல்ல மனுசங்க. சாதி, ஜாதகம் தடையில்லை. ஆனாலும் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன், தம்பி பிறந்தது அதிகாலை 4.40. அதற்குப் பிறகு அந்த நேரத்தில் அவன் விழித்திருந்ததில்லை.

பெண் கொடுத்தபின் "சொல்லவே இல்லையே" என்று பஞ்சாயத்து வரக்கூடாது, அதனால் அவன் குறைகளை அக்கா நானே எழுதிவிடுகிறேன். தார்சாவில் பத்தமடைப் பாயில் படுத்திருப்பான். ஃபேனைக் கூட்டி வைக்க வேண்டுமென்றால் அடுக்களையில் இருக்கும் அம்மாவைக் கூப்பிட மாட்டான், சத்தம் போட்டால் தூக்கம் கலைந்துவிடுமாம். வண்ணார்பேட்டையில் வாக்கப்பட்டிருக்கும் எனக்குப் போன் போடுவான், நான் அம்மாவுக்குப் போட்டுச் சொல்வேன், அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கூட்டி வைப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு இந்தப் போன் மருமகளுக்கு வரும், எந்த நேரமானாலும் எடுக்க வேண்டும். பைக் உண்டு. புறவாசலில் நிற்கிறது, அதன் மேல் கோவைக்கொடி ஏறி ஹேண்டில்பாரைச் சுற்றிக் காய்த்துத் தொங்குகிறது. காய்க்கிற கொடியை அறுப்பது பாவம் என்று விட்டுவிட்டான், அவ்வளவு இளகிய மனசு. குடி, சிகரெட், சீட்டு எதுவும் கிடையாது, எல்லாவற்றுக்கும் கடைவரை நடக்க வேண்டுமே.

இனி பெண்ணிடம் எதிர்பார்ப்பது. முக்கியமானது சொதி. மறுவீட்டு விருந்தில் எல்லாரும் வைப்பதுதான், ஆனால் தம்பிக்கென்று ஒரு பக்குவம் இருக்கிறது. இரண்டாம் பாலில் காய் வெந்து, முதல் பால் விட்டு, நுரை கூடியதும் கொதிக்கவிடாமல் இறக்கிவிட வேண்டும், எலுமிச்சம்பழம் அப்புறம்தான் பிழிய வேண்டும். முருங்கைக்காயை அப்படியே போடக்கூடாது, வேகவைத்து சதையை வழித்துப் போட வேண்டும். சக்கையைத் துப்புவதற்கு அவன் எழுந்து போக மாட்டான், பக்கத்தில் துப்புகிற அழுக்குப் பழக்கமும் இல்லை. உருளைக்கிழங்கு வறுவல் மொறுமொறுப்பாக இருக்கக் கூடாது, கடிக்கிற சத்தம் அவன் காதுக்கே ஆகாது. இஞ்சித் துவையல் மட்டும் எவ்வளவு வைத்தாலும் சாப்பிடுவான்.

கோயில் எதிரே சாயங்காலம் மட்டும் திறக்கிற அல்வாக் கடையில் வரிசையில் நின்று வாங்கி, சூடு ஆறுமுன் வீடு வந்து சேருகிற நடை பெண்ணுக்கு வேண்டும். ஆனித் தேருக்கு வீட்டுக்கு ஒருவர் வடம் பிடிப்பது அப்பா காலத்து வழக்கம், அதுவும் இனி மருமகள் பொறுப்பு. குற்றாலம் சீசனுக்குக் கட்டாயம் போவான், ரூம் எடுத்துச் சாரல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பான். பெண் ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து தண்ணீர் எப்படி விழுகிறது, கூட்டம் எவ்வளவு என்று விவரமாகச் சொல்ல வேண்டும். சுருக்கமாகப் பேசுகிற பெண் சரிப்படாது. படுக்கையில் ஸ்விட்ச் பக்கம் பெண்ணுக்கு, சுவர் பக்கம் தம்பிக்கு, இதில் மாற்றமில்லை.

முகூர்த்தம் காலை பத்தரைக்கு மேல் மட்டும். மாப்பிள்ளை அழைப்புக் கார் வீட்டு நடை வரை வர வேண்டும். மூன்று முடிச்சில் முதல் முடிச்சு அவன் போடுவான், மற்ற இரண்டையும் நாத்தனார் முறைக்கு நான் போடுவேன். முதல் முடிச்சு தளர்வாக விழுந்தால் அதையும் நானே இறுக்கிவிடுகிறேன், பெண் வீட்டார் பயப்பட வேண்டாம்.

நகை, வரதட்சணை ஒரு பைசா வேண்டாம். பத்தமடைப் பாய் ஒன்று போதும், இரண்டு பேர் படுக்கிற அகலத்தில், கோரை மெல்லிசாக, முதுகில் தடம் பதியாததாக இருக்க வேண்டும்.

இப்படிப்பட்டவனுக்கா என்று நினைக்கலாம். ஒரு நாளும் யாரையும் கோபமாகப் பேசியதில்லை, வீட்டை விட்டுப் போகவும் மாட்டான், கூப்பிட்டால் பக்கத்தில்தான் இருப்பான். பெண்ணுக்கு அதைவிடப் பெரிய தைரியம் வேறு என்ன இருக்கிறது, எனக்குத் தெரிந்து எத்தனையோ பேர் அது கிடைக்காமல்தான் கஷ்டப்படுகிறார்கள்.

வழக்கமாக மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் பார்க்க வருவார்கள், இங்கே பெண்ணைக் கூட்டிக்கொண்டு நீங்கள் வர வேண்டும். பகல் பதினொன்றரை முதல் பன்னிரண்டே முக்கால், விட்டால் சாயங்காலம் ஐந்துக்கு மேல். காலிங்பெல் ரிப்பேர், கதவு சாத்தித்தான் இருக்கும், தள்ளிக்கொண்டு வரலாம். தார்சாவில் அவனைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும், மிதித்துவிடாமல் வாங்க. பெண் படுக்கிற தலையணையையும் கையோடு கொண்டுவரவும், உயரம் ஒத்துவருமா என்று தம்பி ஒரு அரை மணி நேரம் படுத்துப் பார்த்துவிட்டுச் சொல்வான்.