இடைநிறுத்தப்பட்ட விற்பனைக் கணக்கை மீண்டும் திறந்துதர வேண்டி மேல்முறையீடு

பவானி, ஈரோடு மாவட்டம்
16 ஜூன் 2025

பெறுநர்:
விற்பனையாளர் மேல்முறையீட்டுப் பிரிவு

பொருள்: விற்பனையாளர் எண் 70418-இன் இடைநிறுத்தம், முறையீட்டு எண் 25-06-3187

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பவானி ஜமக்காளம் விற்கும் என்னுடைய கணக்கு, ஜூன் 11 அன்று காலை "போலிப் பொருள் விற்பனை" என்ற காரணத்துக்காக நிறுத்தப்பட்டதாக உங்கள் மின்னஞ்சல் வந்தது. அதில் மூன்று ஆர்டர்கள் குறிக்கப்பட்டிருந்தன. வாடிக்கையாளர் புகார் வந்தால் நீங்கள் விசாரிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த மூன்றில் இரண்டு நான் அனுப்பிய பொருட்களே அல்ல. மூன்றாவது நான் அனுப்பியதுதான். அதில் என் பக்கம் ஒரு குறை உண்டு, போலி இல்லை.

முதலில் 4471, 6028 என்று முடியும் ஆர்டர்களைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டும் 4 அடிக்கு 7 அடி சிவப்பு-பச்சைப் பட்டை ஜமக்காளத்துக்கு முறையே மே 29, ஜூன் 2 தேதிகளில் வந்தவை. மே 24 முதல் ஜூன் 5 வரை அந்த ஜமக்காளம் என்னிடம் ஒன்றுகூட இல்லை. தறியில் பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும் வேலை நடந்துகொண்டிருந்ததால், மே 24 மாலையிலேயே இருப்பைப் பூச்சியம் என்று மாற்றிவிட்டேன். இணைப்பு 1-இல் உள்ள இருப்பு வரலாறு உங்கள் தளத்திலிருந்தே இறக்கியது. இருப்பு இல்லாத நாளில் என் கணக்கிலிருந்து ஆர்டர் போயிருக்க வழியில்லை. மே, ஜூன் மாத ஆர்டர் பட்டியல் முழுவதையும் இணைப்பு 2-ஆக வைத்திருக்கிறேன். அதில் இந்த இரண்டு எண்களும் இல்லை.

அப்படியானால் அவை எங்கிருந்து போயின? அதே பொருள் பக்கத்தில் ஜூன் 4 அன்று இன்னொரு விற்பனையாளரின் விலை 540 ரூபாய் என்று காட்டியது. என் விலை 1,150 ரூபாய். படமும் விவரமும் நான் 2021-இல் ஏற்றியவை, விற்றவர் வேறொருவர். அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் உதவிப் பிரிவுக்குப் புகார் அனுப்பினேன் (எண் 25-06-0942, இணைப்பு 3). அதற்கு இன்னும் பதில் வரவில்லை. அந்த விற்பனையாளர் யார் என்று எனக்குத் தெரியாது. அவர் மீது குற்றம் சுமத்த இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஒரே பக்கத்தில் இருவர் விற்றதால் அவருக்கு வந்த புகார்கள் என் பெயரில் ஏறியிருக்கின்றன என்பதை மட்டுமே சொல்கிறேன்.

உங்கள் மின்னஞ்சலுடன் வந்த வாடிக்கையாளர் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஜமக்காளத்தின் நீள்வாட்டக் கரையில், குறுக்கே ஓடும் ஊடை நூல்கள் வெட்டுப்பட்டுச் சிலும்பி நிற்கின்றன, அதை மறைக்க மேலே தையல் ஓட்டியிருக்கிறார்கள். எங்கள் நெசவாளர்கள் குழித்தறியில், ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை எறிந்து நெய்கிறவர்கள். நாடா ஒரு கரைவரை போய்த் திரும்பும்போது நூலும் அறாமல் கூடவே திரும்பும். அதனால் கரை தானாகவே மூடி நிற்கும், தையல் தேவைப்படாது. நாடா இல்லாத விசைத்தறியில்தான் ஒவ்வொரு ஊடையும் ஓரத்தில் வெட்டுப்படும். என் ஜமக்காளத்தின் கரையையும் அந்தப் படத்தையும் அருகருகே வைத்து இணைப்பு 4-இல் தந்திருக்கிறேன். இன்னொன்றையும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்: இந்த அளவில் எங்கள் பொதி கூரியர் எடையில் 2 கிலோவுக்குக் குறைந்ததே இல்லை. அந்த இரண்டு பொதிகளின் எடையும் அனுப்பிய ஊரின் பின்கோடும் உங்கள் பதிவில் இருக்கும்.

இனி 9315. இது நான் மே 19 அன்று அனுப்பியது. வாடிக்கையாளர் எழுதியிருப்பது "முதல் சலவையிலேயே சிவப்புச் சாயம் இறங்கி வேட்டியில் ஒட்டிக்கொண்டது" என்பதுதான். போலி என்ற சொல்லை அவர் எங்கும் பயன்படுத்தவில்லை. அடர் சிவப்புப் பருத்தி நூலை முதல் இரண்டு முறை தனியாகக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும் என்ற சீட்டை ஒவ்வொரு பொதியிலும் வைப்போம். அந்தப் பொதியில் அது விடுபட்டுவிட்டது. தவறு எங்களுடையது. ஜூன் 8 அன்று முழுத் தொகையையும் திருப்பித் தந்து மன்னிப்பும் கேட்டேன். அவர் அனுப்பிய பதில் இணைப்பு 5-இல் இருக்கிறது. இப்போது அந்தக் குறிப்பைத் துணியில் அச்சிட்டு ஜமக்காளத்தின் மூலையிலேயே தைத்துவிடுகிறோம். புதுச் சாய நூல் வரும்போதெல்லாம் ஒரு முழம் நூலை வெள்ளைத் துணியோடு சேர்த்து ஊறவைத்துப் பார்த்த பிறகே தறிக்கு அனுப்புகிறோம்.

பொருள் உண்மையானதுதானா என்ற கேள்விக்கு, கடந்த 12 மாத நூல் கொள்முதல் பில்கள், நெசவுக் கூலிப் பதிவேட்டின் நகல், கைத்தறி முத்திரைப் பதிவுச் சான்று, ஜிஎஸ்டி சான்று ஆகியவற்றை இணைப்பு 6-இல் சேர்த்திருக்கிறேன். பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்ற பெயர். ஜமக்காளம், 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட ரகங்களில் ஒன்றும்கூட. விசைத்தறித் துணி இந்தப் பெயரில் விற்கும்போது முதல் அடி விழுவது எங்கள் ஊர்த் தறிகளுக்குத்தான். ஆறு நெசவாளர் குடும்பங்கள் எனக்காக நெய்கின்றன. அவர்கள் உழைப்பின் பெயரை நானே கெடுத்துக்கொள்வேனா என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நான்கு ஆண்டுகளில் 2,140 ஆர்டர்கள் அனுப்பியிருக்கிறேன், 31 திரும்பி வந்தன. போலி என்ற புகார் இதற்கு முன் ஒன்றுகூட வந்ததில்லை.

4471, 6028 ஆகிய இரண்டு புகார்களையும் என் கணக்கிலிருந்து நீக்கி, கணக்கை மீண்டும் திறந்துதர வேண்டுகிறேன். அந்தப் பொருள் பக்கத்தில் வேறு விற்பனையாளர் சேர்ந்ததைப் பற்றி ஜூன் 4 அன்று கொடுத்த புகாரையும் இதனுடன் சேர்த்து விசாரியுங்கள். முழு விசாரணைக்கு நாள் பிடிக்குமென்றால், ஏற்கெனவே பணம் கட்டிக் காத்திருக்கும் 17 வாடிக்கையாளர்களுக்கு மட்டுமாவது அனுப்ப அனுமதி கொடுங்கள். பொதிகள் கட்டித் தயாராக இருக்கின்றன. நிறுத்திவைக்கப்பட்டுள்ள 1,86,400 ரூபாயிலிருந்துதான் சனிக்கிழமைதோறும் நெசவுக் கூலி கொடுக்கிறேன். சென்ற வாரக் கூலியைக் கைமாற்று வாங்கிக் கொடுத்தேன், இந்த வாரத்துக்கு இன்னும் வழி செய்யவில்லை.

சந்தேகம் மீதமிருந்தால் உங்கள் அலுவலர் ஒருவர் நேரில் வந்து தறிகளைப் பார்க்கலாம், வீடியோ அழைப்பிலும் காட்டுகிறேன். எந்த ஜமக்காளத்தையும் நீங்களே தேர்ந்தெடுத்துச் சோதனைக்கு அனுப்பச் சொல்லலாம். அதற்கான செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன். கணக்கில் பதிவான கைபேசி எண்ணில் காலை 9 முதல் இரவு 8 மணி வரை பேசலாம்.

நன்றி.

இப்படிக்கு,
சு. மலர்விழி
கணக்கு உரிமையாளர், விற்பனையாளர் எண் 70418

இணைப்புகள்: 6